தீப்பிடித்த மினி டிராக்டர்: பொருள் விற்பனைச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை நடக்கும் வணிகச் சட்ட வகுப்பில் ஆண்டுதோறும் இதே கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. பகலில் தோட்ட ஆபீசிலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் டிப்ளமா படிக்க வருகிறவர்கள் கேட்டவை இவை. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான், அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

சார், கண்டிஷனுக்கும் வாரண்டிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே விற்கிறவர் கொடுக்கிற வாக்குதானே?

வாக்குதான். மீறினால் வாங்கியவர் என்ன செய்யலாம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்கே அடிப்படையாக இருக்கும் வாக்கு நிபந்தனை, அதாவது கண்டிஷன். அதை மீறினால் ஒப்பந்தமே முறிந்ததாகக் கொண்டு பொருளைத் திருப்பித் தரலாம். முக்கிய நோக்கத்துக்குப் பக்கத்துணையாக நிற்கும் வாக்கு உத்தரவாதம், அதாவது வாரண்டி. அதை மீறினால் நட்டஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பித் தர முடியாது. 12-வது பிரிவு சொல்வது இவ்வளவுதான்.

குளிர்சாதனப் பெட்டியோடு வரும் வாரண்டி கார்டை இங்கே மனத்தில் வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். அது கடைக்காரர் பழுதுபார்த்துத் தரும் ஏற்பாடு. இந்தச் சட்டத்தின் வாரண்டி வேறு. ஒப்பந்தத் தாளில் 'வாரண்டி' என்று எழுதியிருந்தாலும் உள்ளடக்கத்தைப் பார்த்தால் அது நிபந்தனையாக இருக்கலாம் என்று 12-வது பிரிவே சொல்லிவிடுகிறது.

பரீட்சையில் ஒரு கதை கொடுத்தா, அதுல எது கண்டிஷன், எது வாரண்டின்னு எப்படிப் பிரிக்கிறது?

நான் எல்லாக் கேள்விக்கும் ஒரே கதையைத்தான் வைத்துக்கொள்கிறேன். செல்வி செம்பனைக் குலை ஏற்றும் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். குமார் பழைய இயந்திரங்களை வாங்கி விற்பவர். சனிக்கிழமை மத்தியானம் செல்வி அவருடைய கொட்டகைக்குப் போகிறார். அங்கே நிற்கும் நான்கில் நீலநிற மினி டிராக்டர் அவருக்குப் பிடிக்கிறது. குமார் மூன்று விஷயம் சொல்கிறார். "2015 மாடல் எஞ்சின்கா. ஒரு டன் டிரெய்லரோட மேடு ஏறும். சீட்டு புதுசா மாத்தியிருக்கேன்." விலை 18,000 வெள்ளி. செல்வி 3,000 வெள்ளி முன்பணம் கட்டுகிறார். பின்சக்கர டயர் இரண்டும் வழுவழுப்பாக இருப்பதால் குமார் புது டயர் போட்டுத் தர வேண்டும். செல்வி புதன்கிழமை மீதியைக் கட்டிவிட்டு வண்டியை எடுப்பார்.

செல்விக்கு டிராக்டர் எதற்கு? பழக்குலையை மேட்டிலிருந்து இறக்க. ஒரு டன் இழுக்காத வண்டி அவருக்குப் பயனில்லை. ஆகவே அந்த வாக்கு நிபந்தனை. அவர் தன் தேவையைக் குமாரிடம் சொல்லி, குமாரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால், 16-வது பிரிவின் 'குறிப்பிட்ட பயனுக்குப் பொருந்த வேண்டும்' என்ற உள்ளார்ந்த நிபந்தனையும், அதாவது யாரும் சொல்லாமலே சட்டம் சேர்த்துவைக்கும் நிபந்தனையும், சேர்ந்துகொள்ளும். சீட்டு பழசாக இருந்தால்? எரிச்சல் வரும், ஆனால் குலை ஏறும். அது வாரண்டி.

மாடல் ஆண்டுதான் நடுவில் கிடக்கிறது. பொருளை விவரித்து விற்றால் அந்த விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது 15-வது பிரிவின் நிபந்தனை. "நேரில் பார்த்துத்தானே வாங்கினார், எப்படி விவரம் ஆகும்?" என்று சிலர் எழுதுகிறார்கள். 1967-இல் வந்த பீல் எதிர் டெய்லர் வழக்கைப் பாருங்கள். 1961 ஹெரால்டு கார் என்று விளம்பரம் செய்து விற்றார்கள், வாங்கியவர் நேரில் பார்த்தே எடுத்தார். பின்பாதி மட்டும்தான் 1961, முன்பாதி வேறொரு பழைய காரிலிருந்து ஒட்டவைத்தது. கண்ணால் பார்த்திருந்தாலும் அது விவரத்தை நம்பிய விற்பனைதான் என்று நீதிமன்றம் சொன்னது.

நம் நாட்டு வழக்கு ஒன்றும் கையில் இருக்கட்டும். 1970-களின் தொடக்கத்தில் தாம் சியோவ் தோ, அசோசியேட்டட் மெட்டல் ஸ்மெல்ட்டர்ஸ் என்ற தரப்புகளுக்கு இடையே நடந்தது. உலோகம் உருக்கும் உலை 2,600 டிகிரி பாரன்ஹைட்டுக்குக் குறையாது என்று வாக்குக் கொடுத்தார்கள், உலை அந்தச் சூட்டை எட்டவில்லை. உருக்காத உலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிபந்தனைதான் என்று முடிந்தது. 'இந்த வாக்கு இல்லையென்றால் இந்தப் பொருளை இவர் வாங்கியிருப்பாரா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

அவர் சும்மா வியாபாரப் பேச்சா சொல்லியிருந்தா?

அப்படியானால் அது ஒப்பந்த வாக்கே ஆகாது, நிபந்தனையா வாரண்டியா என்ற கேள்வியே எழாது. யார் சொன்னார் என்று பாருங்கள். விஷயம் தெரிந்த வியாபாரி சொன்னால் வாக்காக எடுத்துக்கொள்ளும் பக்கம் நீதிமன்றம் சாயும். விஷயம் தெரியாத தனியாள், பதிவுப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொல்லியிருந்தால் எதிர்ப்பக்கம் சாயும். தனியாள் விற்ற 1957-இன் ஆஸ்கார் செஸ் வழக்கையும் வியாபாரி விற்ற 1965-இன் டிக் பென்ட்லி வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குமார் வியாபாரி, ஆகவே நம் கதையில் இந்தச் சந்தேகம் அதிகம் இல்லை.

உடைமை எப்போ மாறும்? பணம் கட்டும்போதா, வண்டியை எடுக்கும்போதா?

உடைமை என்றால் பொருள் சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்பது, யார் கையில் இருக்கிறது என்பதல்ல. அது மாறுவது இரண்டிலும் இல்லை, இரண்டு தரப்பும் எப்போது மாற வேண்டும் என்று நினைத்தார்களோ அப்போது. இதுதான் 19-வது பிரிவு. பெரும்பாலானவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை. அப்படிப் பேசாமல் விட்ட இடத்தை நிரப்பத்தான் 20 முதல் 24 வரையுள்ள பிரிவுகள்.

'அந்த நீல வண்டி' என்று கைகாட்டிப் பேசிவிட்டால் அது குறிப்பிட்ட பொருள். குறிப்பிட்ட பொருள் எடுத்துச் செல்லத் தயாரான நிலையில் இருந்து, ஒப்பந்தமும் 'இது நடந்தால்தான் உடைமை மாறும்' என்று எதற்காகவும் காத்து நிற்காததாக இருந்தால், ஒப்பந்தம் செய்த அந்த நொடியிலேயே உடைமை வாங்குபவருக்குப் போய்விடும். பணத்தை அப்புறம் கட்டுவதும் வண்டியை அப்புறம் எடுப்பதும் அதை மாற்றாது. இது 20-வது பிரிவு. முதல்முறை கேட்கும்போது யாரும் நம்புவதில்லை. பணமும் கைமாறவில்லை, சாவியும் கைமாறவில்லை, ஆனால் வண்டி செல்வியுடையதா என்று கேட்பார்கள். ஆமாம், டயர் வேலை மட்டும் இல்லாதிருந்தால் சனிக்கிழமையே அவருடையது.

டயர் வேலை இருப்பதால் 21-வது பிரிவு வருகிறது. வண்டியை எடுத்துச் செல்லத் தயாரான நிலைக்குக் கொண்டுவர விற்பவர் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், அதைச் செய்து முடித்து, முடித்த விவரம் வாங்குபவருக்குத் தெரியும்வரை உடைமை மாறாது. 'செய்து முடித்தார்' என்பதோடு 'தெரிந்தது' என்பதும் வேண்டும். இரண்டாவது பாதியை விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

திங்கட்கிழமை ராத்திரி கொட்டகை தீப்பிடிச்சு வண்டி எரிஞ்சிடுச்சு. நட்டம் யாருக்கு?

26-வது பிரிவின்படி இடர், நாம் ரிஸ்க் என்று சொல்வது, உடைமையின் பின்னாலேயே போகும். வண்டி யார் கொட்டகையில் நின்றது என்பது முக்கியமில்லை. அதனால் தீ எரிந்த நேரத்தில் உடைமை யாரிடம் இருந்தது என்று தேதி போட்டுப் பாருங்கள்.

டயர் இன்னும் மாற்றவில்லை என்றால் உடைமை குமாரிடம், நட்டமும் அவருக்கே. யார் தவறும் இல்லாமல் எரிந்திருந்தால் 8-வது பிரிவின்படி ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். செல்வி மீதி 15,000 வெள்ளி கட்ட வேண்டாம். 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி முன்பணம் 3,000 வெள்ளியையும் திரும்பப் பெறலாம். தீ குமாரின் தவறால் என்றால் 8-வது பிரிவு அவரைக் காப்பாற்றாது. வண்டியைத் தராததற்கு அவர் நட்டஈடும் தர வேண்டிவரும்.

திங்கள் மத்தியானமே டயர் மாற்றியாகிவிட்டது, செல்விக்குச் சொல்லவில்லை என்றால்? விடை மாறாது. வேலை முடிந்தது, ஆனால் அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குக் குமார் போன் செய்து "அக்கா, டயர் போட்டாச்சு, புதன்கிழமை வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார் என்றால் நிலைமை தலைகீழ். நான்கு மணிக்கே உடைமை செல்விக்குப் போய்விட்டது. ராத்திரி எரிந்தது அவருடைய வண்டி. சாம்பலுக்காக 15,000 வெள்ளி கட்டும் நிலையில் நிற்கிறார். வகுப்பில் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும் இடம் இது.

இன்னும் ஒரு வரி எழுதினால் கூடுதல் மதிப்பெண். உடைமை செல்வியுடையது, வண்டியைக் காத்துவந்தது குமார். பிறர் பொருளைக் காப்பவருக்குரிய கவனம் அவருக்கு உண்டு, 26-வது பிரிவு அந்தக் கடமையைத் தொடவில்லை. டீசல் டின்னுக்குப் பக்கத்தில் பேட்டரி சார்ஜரை ராத்திரி முழுதும் ஓடவிட்டிருந்தார் என்று கேள்வித்தாளில் ஒரு வாக்கியம் வந்தால், அது சும்மா வந்த வாக்கியமில்லை.

போன் பண்ணல, வாட்ஸ்அப்தான் அனுப்பினார். ப்ளூ டிக் வரணுமா?

சட்டம் கேட்பது வாங்குபவர் அறிந்திருந்தார் என்பதை. படித்ததற்கான அடையாளம் இருந்தால் வாதம் வலுவாகும். அனுப்பப்பட்டது, ஆனால் அவர் போன் அணைந்திருந்தது என்றால் 'அறிந்தார்' என்று சொல்வது கடினம். இரண்டு பக்கத்தையும் எழுதி ஒரு முடிவுக்கு வாருங்கள். மதிப்பெண் காரணத்துக்குத்தான்.

கண்டிஷன் மீறினா திருப்பிக் கொடுக்கலாம்னு எழுதினேன். ஏன் சார் பாதி மார்க்கு கூட வரல?

13-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைத் தாண்டிப் போய்விட்டீர்கள். முதலில் சொன்ன சறுக்கும் இடம் இதுதான், எனக்கும் முதல் பரீட்சையில் காலை வாரியது.

தீயை மறந்துவிடுவோம். செல்வி புதன்கிழமை வண்டியை எடுத்துப் போகிறார். வியாழக்கிழமை மேட்டில் முக்கால் டன்னுக்கே எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. நிபந்தனை மீறப்பட்டது உண்மை. ஆனால் அந்த உட்பிரிவு இரண்டு சூழ்நிலைகளில் நிபந்தனை மீறலையும் உத்தரவாத மீறலாக மட்டுமே நடத்தலாம் என்கிறது. ஒன்று, பிரிக்க முடியாத ஒப்பந்தத்தில் வாங்குபவர் பொருளை, அல்லது அதில் ஒரு பகுதியை, ஏற்றுக்கொண்டிருந்தால். மற்றது, குறிப்பிட்ட பொருளின் உடைமை வாங்குபவருக்கு மாறியிருந்தால்.

இரண்டாவதை நிதானமாகப் படியுங்கள். செல்வி ஏற்றுக்கொண்டாரா என்பதே அங்கே பேச்சில்லை. உடைமை மாறினாலே போதும். டயர் வேலை இல்லாத கதையில் அது எப்போது மாறியது? சனிக்கிழமை, ஒப்பந்தம் செய்த நொடியில். அதாவது வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன்பே, வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே, திருப்பித் தரும் உரிமை போய்விட்டது. நம் கதையில் திங்கட்கிழமை நான்கு மணிக்குப் போனது. நிபந்தனை என்ற பெயர் மிஞ்சியிருக்கும், கையில் இருக்கும் பரிகாரம் வாரண்டியின் பரிகாரம்.

நிபந்தனை ஒரு பாடம், உடைமை இன்னொரு பாடம் என்று தனித்தனி அத்தியாயமாகப் படிப்பதால் வரும் கோளாறு இது. அதனால் பழைய வண்டிக் கேள்வி வந்தால், நிபந்தனையைப் பற்றி ஒரு வரி எழுதும் முன்பே உடைமை மாறிய தேதியை ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நான் படிச்ச நோட்ஸ்ல அந்த ரெண்டாவது பகுதியே இல்லையே?

இந்திய நூலைப் பார்த்து எழுதிய நோட்ஸாக இருக்கும். நம் சட்டம் 1930-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வழியில் வந்தது, பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றே. அதனால் இந்திய நூல்கள் நமக்கு நன்றாக உதவும், தமிழிலும் கிடைக்கும். ஆனால் 1963-இல் இந்தியா அந்தச் சொற்களை நீக்கிவிட்டது. இங்கிலாந்து 1967-இல் நீக்கியது. நம் சட்டத்தில் அவை அப்படியே இருக்கின்றன. 13-வது பிரிவு என்று வந்தால் மட்டும் நம் சட்டப் புத்தகத்தையே திறந்து பாருங்கள்.

அப்போ செல்விக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. எளிதானது, உடைமை மாறவே இல்லை என்று காட்டுவது. டயரில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 'முடிந்தது' என்று சொல்லியிருந்தால் வேலை முடியவில்லை. அல்லது 19-வது பிரிவுக்குப் போய், பணத்தைக் கட்டி வண்டியை எடுக்கும்போதுதான் உடைமை மாறும் என்பதே இருவரின் எண்ணம் என்று வாதிடலாம். இந்தக் காலத்தில் உடைமை பணத்தோடு அல்லது ஒப்படைப்போடு மாறும் என்று கொள்ள மிகச் சிறிய அறிகுறியே போதும் என்று 1967-இல் வார்டு எதிர் பிக்னால் வழக்கில் நீதிபதி டிப்ளாக் சொன்னார். ஆங்கிலத் தீர்ப்பு நம்மைக் கட்டாது, ஆனாலும் எடுத்துக்காட்ட நல்லது. 'புதன்கிழமை பணம் கட்டிவிட்டு எடுப்பேன்' என்ற செல்வியின் பேச்சு அப்படிப்பட்ட ஒரு சிறிய அறிகுறிதான். ஆனால் இந்த வழியில் போனாலும் புதன்கிழமை அவர் பணம் கட்டி வண்டியை எடுத்துவிட்டார் என்பதை மறக்கக் கூடாது. வியாழக்கிழமை கோளாறு தெரிந்தபோது உடைமை எப்படியும் மாறிவிட்டது. எடுக்கும் முன் ஓட்டிப் பார்த்திருந்தால்தான் இந்த வாதம் கைகொடுத்திருக்கும்.

அடுத்தது 1900-இல் வந்த வார்லி எதிர் விப். கதிர் அறுக்கும் பழைய இயந்திரம். போன வருடம் புதிதாக இருந்தது, ஐம்பது அறுபது ஏக்கர்தான் அறுத்தது என்று சொல்லி விற்றார்கள். வந்ததோ மிகப் பழசு. விவரத்துக்கு ஒத்துவராததால் உடைமை மாறவில்லை, திருப்பித் தந்தது சரி என்று தீர்ப்பானது. செல்வி இதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. அந்த வழக்கில் வாங்கியவர் இயந்திரத்தைப் பார்த்ததே இல்லை, செல்வி பார்த்தார். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு வாதிட்டால் நேர்மையான விடை.

திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருந்தால் 13-வது பிரிவு வழிவிடும், அது வெளிப்படையாக இருந்தாலும் உள்ளார்ந்ததாக இருந்தாலும் சரி. "ஏழு நாளுக்குள் சரியில்லேன்னா கொண்டுவந்து விட்டுடுங்க" என்று ஒரு வரி பில்லில் எழுதி வாங்கியிருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம்.

கடைசியாக, ஒப்பந்தச் சட்டம். குமார் சொன்னது பொய்யான தகவலாக இருந்து, அதை நம்பித்தான் செல்வி ஒப்புக்கொண்டார் என்றால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். ஆனால் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் உண்டு. மேட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்டாரா, இல்லையா என்பது அங்கே பேசப்படும்.

திருப்பிக் கொடுக்க முடியாட்டி எவ்வளவு கிடைக்கும்?

59-வது பிரிவு இரண்டு வழி தருகிறது. கட்ட வேண்டிய விலையில் கழித்துக்கொள்ளலாம், அல்லது நட்டஈட்டுக்கு வழக்குப் போடலாம். கழித்தது போதாவிட்டால் மேற்கொண்டு வழக்கும் போடலாம். எவ்வளவு என்ற அளவை ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவிலிருந்து எடுக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். சொன்னபடி மேடு ஏறும் வண்டியாக இருந்தால் சந்தையில் 19,000 வெள்ளி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளபடி அதன் மதிப்பு 13,000. நட்டம் 6,000. பல பேர் 18,000-இல் 13,000-ஐக் கழித்து 5,000 என்று எழுதுகிறார்கள். செல்வி விலைபேசி மிச்சப்படுத்திய ஆயிரத்தைக் குமாருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவருக்குக் கிடைக்க வேண்டியது சொன்னபடியான வண்டியின் மதிப்பு. இன்னும் 15,000 கட்டாமல் இருந்தால் 6,000-ஐக் கழித்து 9,000 மட்டும் கட்டலாம். வண்டி அவரிடமே இருக்கும். அந்த வாரம் குலை இறக்க வேறு வண்டி வாடகைக்கு எடுத்த செலவை, இப்படி ஆகும் என்று குமார் முன்பே அறிந்திருக்கக்கூடிய அளவுக்குச் சேர்க்கலாம்.

பில்லுல "முழுப்பணம் கட்டும் வரை வண்டி எங்களுக்கே சொந்தம்"னு அச்சடிச்சிருக்கு. அது விற்கிறவருக்குத்தானே நல்லது?

பாதிதான். பணம் வராவிட்டால் வண்டியை மீட்கலாம் என்று நினைத்து அச்சடிக்கிறார்கள். 19-வது, 25-வது பிரிவுகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் உடைமை தங்கினால் இடரும் தங்கும். மேலே நான்கு மணிக்குப் போன் செய்த கதையில் இந்த வரி பில்லில் இருந்திருந்தால், திங்கள் இரவுத் தீ குமாரின் தலையில்தான். அதோடு விடவில்லை. உடைமை மாறாததால் 13-வது பிரிவின் இரண்டாவது சூழ்நிலையும் விழாது. செல்வி பொருளை ஏற்றுக்கொள்ளாதவரை திருப்பித் தரும் உரிமை உயிரோடு இருக்கும். எவ்வளவு நாள் வைத்திருந்தால் ஏற்றதாகும் என்பதற்கு 42-வது பிரிவு: நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால், அல்லது தன்னுடையது போலக் கையாண்டால். டிரெய்லர் மாட்டும் கொக்கியை வெட்டி வேறு விதமாக வெல்டிங் செய்துவிட்டு 'ஏற்கவில்லை' என்று சொல்ல முடியாது.

அனுபவமுள்ள வியாபாரிகள் பக்கத்திலேயே 'ஒப்படைத்த நேரம் முதல் இடர் வாங்குபவருக்கு' என்று இன்னொரு வரி சேர்ப்பார்கள். இடர் உடைமையோடு போகும் என்பது வேறு ஏற்பாடு இல்லாதபோதுதான். அந்த இரண்டாவது வரி இருக்கிறதா என்று கேள்வித்தாளில் தேடுங்கள்.

வண்டியை எடுத்துப் போய் ஓட்டிப் பாருங்கன்னு கொடுத்தா?

அது 24-வது பிரிவு. பிடித்திருக்கிறது என்று சொல்லும்போதோ, சொந்தப் பொருளாக நடத்தும்போதோ, குறித்த நாள் தாண்டியும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருக்கும்போதோதான் உடைமை மாறும். நாள் குறிக்கவில்லை என்றால் நியாயமான காலம். செல்வியிடம் யோசனை கேட்டால் இப்படித்தான் வாங்கியிருக்க வேண்டும் என்பேன்.

தீபாவளிக்கு ஆடு வாங்கிறப்பவும் இதே கணக்குதானா?

கிலோ விலைக்குப் பேசினால் கொஞ்சம் மாறும். கொட்டிலில் கறுப்புக் கிடாவைக் காட்டி, "எடை போட்டு விலை சொல்றேன், வெள்ளிக்கிழமை வந்து பிடிச்சுக்கோங்க" என்கிறார் விற்பவர். பொருள் குறிப்பிட்டது, தயாராகவும் இருக்கிறது, ஆனால் விலை தெரிய அவர் எடை போட வேண்டும். எடை போட்டு அது வாங்குபவருக்குத் தெரியும்வரை உடைமை மாறாது, இது 22-வது பிரிவு. வியாழன் இரவு ஆடு செத்தால் நட்டம் விற்றவருக்கு. எடை போடுவது வாங்குபவரின் வேலை என்று பேசியிருந்தால் இந்தப் பிரிவு வராது. 'விற்பவர்' என்ற சொல்லைக் கவனிக்காமல் விடுகிறார்கள். 'இந்தக் கிடா 600 வெள்ளி' என்று மொத்தமாகப் பேசியிருந்தால் 20-வது பிரிவுக்கே திரும்பிப் போங்கள்.

கடையில் 500 மூட்டை உரம் கிடக்க, '200 மூட்டை' என்று ஆர்டர் கொடுத்தால் எந்த 200 என்று தெரியாது. பிரித்து வைக்கும்வரை உடைமை மாற வழியே இல்லை, 18-வது பிரிவு. பிரித்து ஒதுக்கி, மற்றத் தரப்பும் சம்மதித்த பிறகுதான் 23-வது பிரிவின்படி உடைமை மாறும். இந்த வகையில் 13-வது பிரிவின் உடைமைத் தொல்லை கிடையாது, அது குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும். ஈரம் பாய்ந்த உரத்தை மறுக்கும் உரிமை, ஏற்றுக்கொள்ளும்வரை இருக்கும்.

வாங்கிறவர் சொன்ன நாள்ல வரல. அதுக்குள்ள கெட்டுப்போச்சு. அப்பவும் விற்கிறவருக்கா நட்டம்?

இல்லை. ஒப்படைப்பு ஒருவர் தவறால் தள்ளிப்போனால், அந்தத் தாமதம் இல்லாவிட்டால் வந்திருக்காத நட்டத்துக்கு அவரே பொறுப்பு. உடைமை இன்னும் மாறாவிட்டாலும் இது பொருந்தும். 1949-இல் டெம்பி ஹாமில்டன் வழக்கில் 30 டன் ஆப்பிள் சாறு, வாங்குபவர் எடுத்துப்போக இழுத்தடித்தார், சாறு கெட்டது, நட்டம் அவருக்கே. ஆனால் தாமதத்துக்கும் நட்டத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வராமல் போனார், சனிக்கிழமை ஆடு நோயில் செத்தது, அந்த நோய் வியாழனே தொற்றியிருந்தது என்றால் தாமதத்தின்மேல் பழி போட முடியாது.

"உள்ளபடியே விற்கப்பட்டது"ன்னு எழுதிட்டா கண்டிஷனே கிடையாதா?

இந்தச் சட்டத்தின் 62-வது பிரிவு உள்ளார்ந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்தால் விலக்க இடம் தருகிறது. எனவே வியாபாரத்துக்காக வாங்கும் செல்விக்கு அந்த வரி ஆபத்து. ஆனால் குமாரே வாயால் சொன்ன "ஒரு டன் இழுக்கும்" என்ற வாக்கை அது தொடுகிறதா என்பது எழுதிய சொற்களைப் பொறுத்தது. வெறும் உள்ளார்ந்த நிபந்தனைகளை மட்டும் விலக்கும் வரி, வெளிப்படையாகக் கொடுத்த வாக்கை விலக்காது.

வீட்டுக்கு வாங்கும் பொருள் என்றால் 1999 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு பாதை. சில வருடங்களுக்கு முன் ஊரில் ஒரு கடையில் பழைய ஃப்ரீசர் வாங்கினேன். இரண்டாம் நாள் குளிரவில்லை. கடைக்காரர் பில்லைத் திருப்பி, கீழே சின்ன எழுத்தில் இருந்த 'உள்ளபடியே' என்ற சொல்லைக் காட்டினார். நானும் சட்டம் சொல்லிக்கொடுப்பவன் ஆயிற்றே என்று 62-வது பிரிவை நினைத்து வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு உபயோகப் பொருளுக்கு அந்தச் சொல் செல்லாது, நுகர்வோர் சட்டத்தின் தரப் பொறுப்பை ஒப்பந்தத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்பது பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன், கடை சாத்தியிருந்தது.